பச்சை லைட் வரவே இல்லை: சித்தப்பாவின் வீல்சேரும் ஒரு ஹெட்லைட் பல்பும்

இன்னைக்கு கோடிங் இல்லை, பேட்டரி. எங்க சித்தப்பா எலக்ட்ரிக் வீல்சேர்லதான் தன்னோட ஜெராக்ஸ் கடைக்குப் போய் வருவார். வீட்டிலிருந்து 600 மீட்டர்தான். போன வருஷம் ஒரு ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு மாசம் அவர் வெளியே போகலை. வண்டி ஒரு மூலையில சார்ஜ் போடாம நின்னுடுச்சு. திரும்ப எடுத்த முதல் வாரமே பாதி வழியில நின்னுபோய், பக்கத்து டீக்கடைக்காரர்தான் தள்ளிக்கிட்டு வந்தார். தள்ளினதை விட, "இனிமே தனியா அனுப்ப மாட்டோம்"னு வீட்டுல சொன்னதுதான் அவருக்கு வலிச்சது.

சார்ஜர்ல என்ன தெரிஞ்சதுன்னா, சாயங்காலம் போட்டா ஆரஞ்சு லைட். காலையிலயும் ஆரஞ்சு. 14 மணி நேரம் ஆனதும் சிவப்பு லைட் விட்டு விட்டு எரியும். பச்சை வரவே இல்லை. சர்வீஸ் கடையில "சார்ஜர் போயிடுச்சு"ன்னு சொல்லி 4,000 ரூபாய்க்குப் புதுசு கொடுத்தாங்க. அதுலயும் அதே ஆரஞ்சு, அதே சிவப்பு.

புது சார்ஜரும் அதையே சொல்லுதுன்னா, அது கெட்டுப்போகலை, நம்மகிட்ட ஏதோ சொல்ல வருதுன்னு அர்த்தம். என்ன சொல்லுதுன்னு புரிய, அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

சீட்டுக்குக் கீழே 12 வோல்ட் பேட்டரி ரெண்டு வரிசையா இணைச்சிருக்கும். சேர்த்து 24 வோல்ட். சார்ஜர் முதல்ல முழு வேகத்துல, எங்க வண்டியில 5 ஆம்பியர், கரண்ட்டைத் தள்ளும். வோல்டேஜ் மெல்ல ஏறி 28.8-ஐத் தொட்டதும் அங்கேயே பிடிச்சு நிறுத்திக்கும். அதுக்கப்புறம் பேட்டரி நிறைய நிறைய, உள்ளே போற கரண்ட் தானா குறையும். அது ரொம்பக் குறைஞ்சா "நிறைஞ்சிடுச்சு"ன்னு பச்சை. குறிப்பிட்ட நேரத்துக்குள்ள இது நடக்கலைன்னா சிவப்பு. நம்ம கோடுல எழுதுற டைம்அவுட் மாதிரியேதான். அது பாதுகாப்புக்கு இருக்கு. அதனால பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டு இன்னொரு 14 மணி நேரம் ஓட்டாதீங்க. நாங்க மூணு நாள் அதைத்தான் பண்ணோம். தப்பு.

முக்கியமான விஷயம், சார்ஜருக்கு ரெண்டு பேட்டரி இருக்குன்னே தெரியாது. அதுக்குத் தெரியறது கூட்டுத்தொகை மட்டும்தான். ஒண்ணு நல்லா இருந்து இன்னொண்ணு படுத்திருந்தாலும் அதுக்கு ஒரே நம்பர்தான் தெரியும்.

அதனால மல்டிமீட்டரை எடுத்தேன். முதல்ல ஃபியூஸ், டெர்மினல் போல்ட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்த்தேன், இருந்தது. அப்புறம் சார்ஜ் ஓடிட்டு இருக்கும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியா அளந்தேன். மொத்தம் 27.4. ஒண்ணுல 15.1, இன்னொண்ணுல 12.3. பாதிப் பாதியா இருக்க வேண்டியது! இடது பேட்டரி நிறைஞ்சு அளவுக்கு மேல வாங்கிட்டு இருக்கு, வலது பேட்டரி கையில தொட்டாலே சூடு. பேட்டரி உப்பினாலோ அழுகின முட்டை நாத்தம் வந்தாலோ உடனே சார்ஜை நிறுத்தி, ஜன்னலைத் திறங்க. அதுக்கப்புறம் அதுக்கு சார்ஜே போடாதீங்க.

அடுத்து, சார்ஜரைக் கழட்டி, ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருக்கற ஒயரையும் கழட்டி, ராத்திரி முழுக்க சும்மா விட்டேன். (மோதிரம், செயினைக் கழட்டிடுங்க. ஸ்பேனர்ல இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க. ஸ்பேனர் ரெண்டு முனையிலயும் பட்டா வெல்டிங் மாதிரி பொறி பறக்கும்.) சார்ஜ் போட்ட உடனே அளந்தா மேலோட்டமான வோல்டேஜ் காட்டி ஏமாத்தும், அதுக்குத்தான் இந்தக் காத்திருப்பு.

காலையில இடது 12.9, வலது 10.6.

ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குள்ள ஆறு செல் இருக்கு. நிறைஞ்ச செல் ஒண்ணுக்கு சுமார் 2.1 வோல்ட். அஞ்சால பெருக்கிப் பாருங்க, 10.5 பக்கம் வருது. அதாவது வலது பேட்டரியில ஒரு செல் செத்துப்போச்சு, உள்ளுக்குள்ள ஷார்ட். 12 செல்லுக்குக் கணக்குப் போட்ட 28.8-ஐ, 11 செல் வெச்சு எட்டணும்னு சார்ஜர் முட்டி மோதிட்டு இருந்திருக்கு.

செல் எப்படிச் செத்தது? அந்த நாலு மாசம்தான். பேட்டரி கரண்ட் கொடுக்கும்போதெல்லாம் தகடுல ஈய சல்ஃபேட் படியும். அது சாதாரணம். உடனே சார்ஜ் போட்டா கரைஞ்சுடும். காலியாவே விட்டா அந்தத் துகளெல்லாம் சேர்ந்து பெரிய, கெட்டியான படிகமாகிடும். அப்புறம் சார்ஜுக்கும் அசையாது. வண்டி சும்மா நின்னாலும் கன்ட்ரோலர் துளித்துளியா கரண்ட் குடிக்கும்ங்கறதால பேட்டரி அடிவரைக்கும் இறங்கிடுது. அந்த நிலையில அமிலம் கிட்டத்தட்ட தண்ணி மாதிரி ஆகி, ஈயம் அதுல கரைஞ்சு, திரும்ப சார்ஜ் போடும்போது ஊசி மாதிரி வளர்ந்து ரெண்டு தகடையும் தொட்டுடலாம்.

இங்க ஒரு குழப்பம் வரும். ஷார்ட் ஆகாம, சல்ஃபேட் மட்டும் படிஞ்ச பேட்டரி நேர் எதிரா நடந்துக்கும். கரண்ட் உள்ளே போகவே இடமில்லாததால வோல்டேஜ் சட்டுனு ஏறி, ஒரு மணி நேரத்துலயே பச்சை வந்துடும். சும்மா வெச்சு அளந்தா 12.6 கூடக் காட்டும். ஆனா வண்டி தெருமுனை தாண்டாது. அதனால மல்டிமீட்டர் மட்டும் போதாது, வேலை வாங்கிப் பார்க்கணும்.

பைக் மெக்கானிக் ஒருத்தர்கிட்ட பழைய 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு வாங்கினேன். அது இழுக்கறது சுமார் 4.5 ஆம்பியர். வலது பேட்டரியில மாட்டினேன், பத்து நிமிஷத்துல 9 வோல்ட்டுக்குக் கீழ. இடதுல மாட்டி, வோல்டேஜ் 10.5-க்கு இறங்கற வரைக்கும் நேரம் பார்த்தேன். 3 மணி 45 நிமிஷம். கிட்டத்தட்ட 17 ஆம்பியர்-ஹவர். லேபிள்ல 35-னு இருக்கு. அது 20 மணி நேரம் மெதுவா இழுத்தா கிடைக்கற கணக்கு. இந்த வேகத்துல புதுசே 30 பக்கம்தான் கொடுக்கும். அப்படிப் பார்த்தாலும் நம்ம "நல்ல" பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேலதான். (பல்பு கொதிக்கும், தரையில செங்கல் மேல வைங்க. சோதனை முடிஞ்ச உடனே சார்ஜ் போட்டுடுங்க.)

"டேய், அப்போ வலதை மட்டும் மாத்தினா போதும்தானே?"ன்னு சித்தப்பா கேட்டார். செலவு பாதி, நியாயமான கேள்வி. ஆனா பழசு 17, புதுசு 30-னு ஜோடி சேர்த்தா, ஒவ்வொரு தடவையும் பழசு முதல்ல காலியாகும். சார்ஜ் போடும்போது முதல்ல நிறைஞ்சு வோல்டேஜையும் அதுவே இழுத்துக்கும். புதுசு எப்பவுமே முழுசா நிறையாம, அதுலயும் சல்ஃபேட் படிய ஆரம்பிக்கும். அதனால ஒரே மாடல், ஒரே தயாரிப்புத் தேதி உள்ள ஜோடியா வாங்கினோம். கோல்ஃப் கார்ட்ல 8 வோல்ட் பேட்டரி ஆறு இருந்தாலும் இதே கதைதான், அளக்க வேண்டியது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

புது ஜோடி போட்ட அன்னைக்கு ஆறு மணி நேரத்துல பச்சை வந்தது. சார்ஜ் முடியற நேரத்துல அளந்தேன், 14.42, 14.38. இப்போ மாசம் ஒரு தடவை சித்தப்பாவே அளந்து, கடையில மாட்டியிருக்கற காலண்டர்ல ரெண்டு நம்பரையும் எழுதி வைக்கிறார். வித்தியாசம் அரை வோல்ட் தாண்டினா எனக்கு போன் பண்ணணும்னு பேச்சு. பழைய சார்ஜரும் நல்லாத்தான் இருக்கு. அதைக் கடையிலயே வெச்சு, மதியம் ஒரு ரவுண்டு போடுறார்.