சாஃப்ட்வேர் செய்து தர எவ்வளவு கேட்கலாம்? மயிலாப்பூர் கணக்கும் தி.நகர் கணக்கும்!

தி.நகரில் நகை வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அன்றைய தங்க விலை, அதன்மேல் இத்தனை சதவிகிதம் சேதாரம், பிறகு செய்கூலி, ஜி.எஸ்.டி. ஆகிற செலவின்மேல் ஒரு பங்கு சேர்த்து விலை சொல்லும் முறை இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கம் விலை ஏறினால் சேதாரத் தொகையும் ஏறும். அதே வளையல், அதே ஆசாரி, அதே வேலைதான். ஆனாலும் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

கேட்கிறவருக்கு ஏற்றபடி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சிறு நிறுவனங்களும் பெரும்பாலும் இப்படித்தான் விலை சொல்கின்றன. இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு செலவு, அதன்மேல் 25 சதவிகிதம் லாபம். இன்னொரு முறையும் இருக்கிறது. 'எனக்கு எவ்வளவு செலவு என்பது இருக்கட்டும், உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகிறது? அதில் ஒரு பங்கு கொடுங்கள்' என்பது அது. இரண்டுமே நியாயமாகத்தான் தெரிகின்றன. எங்கே ஏமாற்றுகின்றன என்று ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மாடி அலுவலகத்தின் கணக்கு

மயிலாப்பூரில் ஒரு மாடி அலுவலகம், மூன்று பேர். முதலாளியின் சம்பளத்தையும் சேர்த்து மாதச் சம்பளம் 1,50,000 ரூபாய். வாடகையும் கரன்ட்டும் 25,000. இன்டர்நெட், லேப்டாப் தேய்மானம், ஆடிட்டர் எல்லாம் 15,000. ஆக 1,90,000 ரூபாய்.

தி.நகர் நகைக்கடை ஒன்று, தன் மாதாந்தர நகைச் சேமிப்புத் திட்டத்துக்குக் கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர் கேட்கிறது. 600 மணி நேர வேலை. மூன்று பேர், மாதம் 22 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 528 மணி. வகுத்தால் மணிக்குச் சுமார் 360 ரூபாய். 25 சதவிகிதம் சேர்த்தால் 450. விலை 2,70,000 ரூபாய்.

தவறு அந்த 528-ல் இருக்கிறது. பழைய வாடிக்கையாளரின் போன், புதிதாக ஒருவருக்குக் கொட்டேஷன், கைக்கு வராமல் போன வேலைக்காக நடந்த மீட்டிங்குகள் இவற்றுக்கெல்லாம் யாரும் காசு தருவதில்லை. நூற்றுக்கு அறுபது மணி நேரம் பில் போட முடிந்தால் பெரிய விஷயம். அப்படியானால் மாதத்தில் சுமார் 317 மணிதான். மணிக்கு உண்மையான செலவு 600 ரூபாய். இந்த வேலைக்கு 3,60,000 ரூபாய். லாபம் வைத்துச் சொன்ன விலையில் 90,000 ரூபாய் நஷ்டம்!

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. வருடம் முழுக்க எல்லோரும் ஓய்வில்லாமல் உழைத்திருப்பார்கள். ஒவ்வொரு வேலையும் காகிதத்தில் லாபம் காட்டும். மார்ச் மாதம் பேங்கில் பணம் இருக்காது. அப்போது விலையைப் பார்க்காதீர்கள், எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்று பாருங்கள்.

முதலாளியின் கணக்கு

இப்போது கடைப் பக்கம் வருவோம். திட்டத்தில் 4,000 பேர். கவுன்டரில் கட்டியது, யு.பி.ஐ.யில் அனுப்பியது எல்லாவற்றையும் மாதக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"மூணு பேர் ஆறு நாள் இதுலயே உட்கார்ந்துடறாங்க தம்பி. அதுவே 14,400 ரூபா சம்பளம். தப்பு வந்தா கஸ்டமருக்கு விட்டுக்கொடுக்கறது ஒரு எட்டாயிரம். பகுதி நேரக் கணக்காளருக்குப் பத்தாயிரம்" என்கிறார் முதலாளி.

மாதம் 32,400 ரூபாய். மூன்று வருடத்துக்கு 11,66,400. அதில் பாதி என்றால் 5,83,200 ரூபாய் கேட்கலாமே? இங்கேதான் இரண்டாவது முறை ஏமாற்றுகிறது.

அந்த மூன்று பேரும் மாதச் சம்பளக்காரர்கள். சாஃப்ட்வேர் வந்தாலும் கடையில்தான் இருப்பார்கள், சம்பளம் தொடரும். அந்த ஆறு நாளில் கவுன்டரில் நின்று கூடுதலாக விற்றால்தான் லாபம். அதுவரை 14,400 ரூபாய் கல்லாவில் மிச்சமாகாது. தவறுகளும் பாதிதான் குறையும் என்று வைத்துக்கொள்வோம். 4,000, கணக்காளரின் 10,000, ஆக உண்மையான மிச்சம் மாதம் 14,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு 5,04,000.

அது மட்டுமல்ல. கடைக்காரருக்கு வேறு வழியும் இருக்கிறது. வருடம் 60,000 ரூபாய்க்கு ஒரு ரெடிமேட் சாஃப்ட்வேர் கிடைக்கிறது, அது இந்த மிச்சத்தில் பாதியைத் தருகிறது என்று கொள்வோம். மூன்று வருடத்தில் அதற்கு 1,80,000 கொடுத்து 2,52,000 மிச்சம் பிடிக்கலாம். நிகர லாபம் 72,000. நம் சாஃப்ட்வேரிலும் அவருக்கு அந்த 72,000-மாவது நிற்க வேண்டும். எனவே அவர் தரக்கூடிய அதிகபட்சம் 4,32,000 ரூபாய்.

இப்போது வரிசையாகப் பாருங்கள். 2,70,000 கேட்டால் நமக்கு நஷ்டம். 5,83,200 கேட்டால் அவர் ரெடிமேடுக்குப் போய்விடுவார். திருத்திய செலவின்மேல் 25 சதவிகிதம் வைத்து 4,50,000 கேட்டாலும் போய்விடுவார். 3,60,000-க்கும் 4,32,000-க்கும் நடுவில்தான் பேரம். செலவு தரையைக் காட்டுகிறது, பயன் கூரையைக் காட்டுகிறது. கூரை தரைக்குக் கீழே வந்தால், அந்த வேலையே வேண்டாம் என்று அர்த்தம்.

அட்சய திருதியை யாருடைய வெற்றி?

'விற்பனை உயர்ந்தால் அதில் எனக்கு இத்தனை சதவிகிதம்' என்று ஒப்பந்தம் போடுகிறவர்களும் உண்டு. அட்சய திருதியைக் கூட்டத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் சம்பந்தமில்லை. தங்க விலை ஏறினாலே, அதே எடை விற்றாலும் ரூபாய் விற்பனை கூடும். இந்த ஒப்பந்தம் சண்டையில்தான் முடியும். அளப்பதாக இருந்தால், தவறான ரசீதுகள் எத்தனை குறைந்தன என்பது போல சாஃப்ட்வேர் நேரடியாகத் தொடும் ஒன்றை, வேலை தொடங்குவதற்கு முன்பே எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும்.

எந்த வேலைக்கு எது?

வெளிநாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகள் பல, தாய் நிறுவனத்துக்குச் செலவின்மேல் ஒரு சதவிகிதம் வைத்தே பில் போடுகின்றன. சாஃப்ட்வேர் வேலையில் அந்தப் பங்கு குறைந்தது இவ்வளவு இருந்தால் வருமான வரித்துறை கேள்வி கேட்காது என்று 2013-ல் விதியே வந்தது. முதலில் 20, 22 சதவிகிதம்; 2017-ல் 17, 18 எனக் குறைந்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே குடும்பம், பேரம் கிடையாது. அங்கே செலவுக் கணக்கு பொருந்துகிறது.

என்ன வேலை வரும் என்றே தெரியாதபோதும் அதுதான் சரி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இடக் குறியீடான எச்.யு.ஐ.டி. கட்டாயமானது. இப்படி ஒரு விதி மாறினால் எத்தனை மணி நேர வேலை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதை மணிக்கணக்கில் வாங்குவதே இருவருக்கும் நியாயம்.

ஆனால், அதே சேமிப்புத் திட்ட சாஃப்ட்வேரை இரண்டாவது கடை கேட்டால்? பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. 200 மணி நேரம் போதும். மணிக்கு 750 என்றால் 1,50,000 ரூபாய். வேகமாக முடித்ததற்குத் தண்டனை போல! அந்தக் கடைக்கும் பயன் முதல் கடைக்கு உள்ளதுதான் என்றால், 3,00,000 ரூபாய் கேட்பதில் தவறில்லை. அப்போதும் அவருக்கு 2,04,000 மிச்சம். அடுத்த தெருவில் இன்னொருவர் இதையே செய்து விற்க ஆரம்பிக்கும் நாளில் கூரை இறங்கும். அன்று மறுபடி கணக்கு போட வேண்டும்.

சாஃப்ட்வேர் வாங்கப்போகும் கடைக்காரர்களுக்கும் இதே கணக்குதான். கொட்டேஷன் வந்ததும் 'எத்தனை மணி நேரம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இதனால் என் கல்லாவில் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும், ரெடிமேட் வாங்கினால் எவ்வளவு?' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.