ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

டீயைக் குடித்துக்கொண்டே பேசுவோம். ஆறு நாள் வாயைக் கட்டிவிட்டு ஏழாவது நாள் அவிழ்த்துவிட்டால், ஆறு நாள் பட்ட பாடு வீணா? ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் இந்த ஏழாவது நாளை ‘சீட் டே’ என்கிறார்கள். ஒரு வேளை மட்டும் என்றால் ‘சீட் மீல்’. 1999இல் அமெரிக்காவில் வந்த ‘பாடி ஃபார் லைஃப்’ என்ற புத்தகம் வாரத்தில் ஒரு நாள் இஷ்டப்படி சாப்பிடச் சொன்னது. அதற்குப் பின் இந்த வழக்கம் ஊரெல்லாம் பரவிவிட்டது. நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புக்கு எந்தப் புத்தகமும் தேவைப்பட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்வதைவிடக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். செல்வம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 40, எடை 82 கிலோ, நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. எடை ஏறாமல் இறங்காமல் இருக்க அவருக்கு நாளுக்குச் சுமார் 2200 கலோரி வேண்டும். அவர் 1700 கலோரியில் நிறுத்துகிறார். ஒரு நாளைக்கு 500 மிச்சம். ஆறு நாளைக்கு 3000. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறது. காலையில் நெய்ப் பொங்கல், இரண்டு மெதுவடை, ஒரு காபி: 850. மதியம் கடை மட்டன் பிரியாணி ஒரு முழுப் பிளேட், சிக்கன் 65, ஒரு கூல்டிரிங்ஸ், கடைசியில் பிரெட் அல்வா: 1600. சாயங்காலம் டீயும் இரண்டு சமோசாவும்: 400. ராத்திரி மூன்று பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட்: 1150. எல்லாம் தோராயம்தான், கடைக்குக் கடை எண்ணெய் மாறும். கூட்டினால் 4000. அவருக்குத் தேவையானது 2200. ஆக 1800 கலோரி அதிகம்.

ஆறு நாள் சேர்த்த 3000த்தில் 1800 போய்விட்டது, மிச்சம் 1200. கொழுப்புக் கணக்கில் 150 கிராம் சொச்சம். வாரம் முழுசாக வீணாகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் போய்விட்டது.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செல்வம் 1700 என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 1700தானா? ஆபீஸில் பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று இரண்டு டீ குடிக்கிறார். இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் பாலும் சேர்ந்த கடை டீ ஒவ்வொன்றும் 90, 100 கலோரி வரும். டீயைச் சாப்பாடு என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அப்படியானால் அவர் சாப்பிடுவது 1900. மிச்சம் நாளுக்கு 500 இல்லை, 300. ஆறு நாளைக்கு 1800. ஞாயிற்றுக்கிழமை அதிகமாகச் சாப்பிட்டதும் 1800. ஆக வாரம் சுத்தமாகப் பூஜ்யம். ‘நானும் மூணு மாசமா டயட்டில்தான் இருக்கேன் சார், ஒரு கிலோகூடக் குறையலை’ என்று சொல்கிறவர்களில் பலருடைய கதை இதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆறு நாளும் நிஜமாகவே கஷ்டப்படுகிறார்கள்.

இப்போது ஒரு வேளைக்கு வருவோம். அதே ஞாயிறு, காலையில் மூன்று இட்லி சாம்பார், மதியம் அதே பிரியாணியும் இரண்டு மூன்று துண்டு சிக்கனும், ராத்திரி இரண்டு சப்பாத்தியும் பருப்பும். மொத்தம் 1900லிருந்து 2000. செல்வத்தின் தேவைக்குக் கீழேதான் இருக்கிறது. பிரியாணி சாப்பிட்டார், வாரமும் கெடவில்லை. ஒரு வேளைக்கு வயிறு என்கிற எல்லை உண்டு. ஒரு முழு நாளுக்கு அந்த எல்லை கிடையாது. நாலு மணி நேரத்தில் திரும்பப் பசித்துவிடும்.

சரி, இப்படி ஒரு சலுகை இருந்தால் திட்டத்தில் நீடிக்க முடிகிறதா? 2016இல் கொயெல்யோ டோ வாலே, பீட்டர்ஸ், ஸீலன்பெர்க் என்ற மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு வாரம் தினமும் 1500 கலோரி. இன்னொரு குழுவுக்கு ஆறு நாள் 1300, ஏழாவது நாள் 2700. கூட்டிப் பாருங்கள்: இரண்டுமே வாரத்துக்கு 10,500தான். எடை இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி குறைந்தது. ஆனால் ஏழாவது நாள் சலுகை இருந்தவர்களுக்கு உற்சாகம் குறையாமல் இருந்தது. சின்ன ஆய்வு, இரண்டே வாரம். அதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் அதில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 2700 வானத்திலிருந்து விழவில்லை. ஆறு நாளும் தினம் 200 குறைத்து முன்கூட்டியே சேர்த்து வைத்த பணம் அது. நாம் செய்வது கடன் வாங்கிச் செலவழிப்பது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். நிறைய எடை குறைத்து, குறைத்ததைக் காப்பாற்றி வருபவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் இருக்கிறது. அதில் உள்ளவர்களைக் கவனித்தபோது, வார நாளிலும் விடுமுறை நாளிலும் ஒரே சீராகச் சாப்பிட்டவர்கள் அடுத்த ஓராண்டில் எடையைக் காப்பாற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. சீராகச் சாப்பிடும் சுபாவம் உள்ளவர்களுக்கே எடை நிற்கிறதா, சீராகச் சாப்பிட்டதால் நிற்கிறதா என்பதை இப்படிப்பட்ட கணக்கெடுப்பால் பிரிக்க முடியாது. என் அபிப்பிராயம்: தினசரிச் சாப்பாடு சகிக்க முடியாததாக இருப்பவருக்குத்தான் ‘சீட் டே’ தவிர்க்க முடியாமல் போகிறது. அவர் மாற்ற வேண்டியது திங்கள் முதல் சனி வரையான சாப்பாட்டை.

திட்டமிடாத விருந்துக்கு வேறொரு ஆபத்து உண்டு. 1975இல் ஹெர்மன், மாக் என்ற இருவர் செய்த ஒரு சோதனை பிரபலமானது. சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோரிடமும் ஐஸ்கிரீமைக் கொடுத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்கள் நேர்மாறு: மில்க் ஷேக் குடித்தவர்கள்தான் அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பின்னால் வந்த சோதனைகளில், கலோரி அதிகம் என்று வாயால் சொன்னதே போதுமானதாக இருந்தது; உண்மையில் அதிகமா இல்லையா என்பதுகூட முக்கியமாக இல்லை. தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்கிற மனசுதான். கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, ‘இன்னைக்கு டயட் போச்சு, திங்கள்கிழமையிலிருந்து பாத்துக்கலாம்’ என்கிறோமே, அது. ஜாங்கிரி அதிகம் போனால் 200 கலோரி. திங்கள்கிழமை வரை தின்றதுதான் ஆயிரங்களில் வரும். ‘சீட்’ என்ற பெயரே இந்த மனசுக்குத் தீனி போடுகிறது என்று எனக்குத் தோன்றும். பிரியாணி சாப்பிடுவதில் யாரை ஏமாற்றுகிறோம்?

ஜிம்மில் இன்னொன்று சொல்வார்கள்: ஒரு நாள் நிறையச் சாப்பிட்டால் மெட்டபாலிசம் கிளம்பிவிடும், லெப்டின் ஏறும் என்று. அரைகுறை உண்மை. மூன்று நாள் தொடர்ந்து தேவையைவிட 40 சதவீதம் அதிகமாக மாவுச்சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வில் லெப்டினும் ஏறியது, உடம்பு செலவழிக்கும் சக்தியும் 7 சதவீதம் போல ஏறியது. செல்வத்தின் 2200இல் 7 சதவீதம் என்றால் 150 சொச்சம், ஏறத்தாழ ஒரு வடை. அதற்காக அவர் உள்ளே தள்ள வேண்டியது தினம் கிட்டத்தட்ட 900 கலோரி அதிகம். லாபமில்லாத வியாபாரம்.

அடுத்தது திங்கட்கிழமை காலை. செல்வம் மெஷினில் ஏறினால் 83.4 காட்டும். பயந்துவிடுவார். 1800 கலோரி முழுவதும் கொழுப்பாக மாறினாலும் கால் கிலோவுக்கு மேல் வர வழியே இல்லை. மீதி என்ன? சாதமும் பரோட்டாவும் கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேரும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. சால்னாவிலும் பிரியாணியிலும் இருக்கிற உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. குடலில் இருக்கும் சாப்பாட்டுக்கும் எடை உண்டு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் புதன், வியாழனுக்குள் இதெல்லாம் போய்விடும். ஆனால் திங்கட்கிழமை அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து அன்றைக்குப் பட்டினி கிடந்தால், செவ்வாய் சாயங்காலம் பேக்கரி வாசலில் நிற்க வேண்டி வரும். எடையை வெள்ளிக்கிழமை காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். ஒரு வாரத்து எண்ணை நம்பாமல் நாலு வெள்ளிக்கிழமைகளை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். நாலும் அசையாமல் நின்றால் ஞாயிற்றுக்கிழமையையும் டீயையும் சந்தேகப்படுங்கள்.

செல்வத்துக்கு நான் சொல்வது இது. பதினொரு மணி டீயை விட்டுவிடட்டும், அல்லது இரண்டு டீயையும் சர்க்கரை இல்லாமல் குடிக்கட்டும். ஆறு நாளும் உண்மையாகவே 1800க்குப் பக்கத்தில் நிற்கும். ஞாயிறு மதியம் ஒரு வேளை பிடித்ததைச் சாப்பிடட்டும். என்ன, எங்கே என்பதைச் சனிக்கிழமையே முடிவு செய்துவிடட்டும். பசியோடு போய் மெனு கார்டைப் பார்த்து முடிவு செய்தால் 65உம் அல்வாவும் தானாக வந்து சேரும். பிரியாணியைப் பார்சல் வாங்கி வந்து தட்டில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது, பாதியை எடுத்து வைக்கலாம்.

இது எல்லோருக்குமான யோசனை இல்லை. வியாழக்கிழமையே ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தால், ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் வயிறு வலிக்க வலிக்கச் சாப்பிட்டால், யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பட்டினி கிடந்தால், இந்தச் சலுகை நாள் உங்களுக்கு வேண்டாம். ஒரு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மதியப் பிரியாணிக்காகக் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள், சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம், முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.