ஒரு குழாய், ஏழாயிரம் ரூபாய்

எங்கள் நடுநிலைப் பள்ளியின் முதல் முன்னாள் மாணவர் சந்திப்பில் நன்கொடை கேட்டுப் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. சுற்றுச்சுவர், மேசை, நூலக அலமாரி, கணினி என்று பதினொரு தேவைகளை வாசித்தேன். பன்னிரண்டு நிமிடம். கைதட்டினார்கள். மேடையைவிட்டு இறங்கியதும் இருவர் வந்து, "நாங்க என்ன செய்யணும் சார்?" என்று கேட்டார்கள். "உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க" என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். கொடுக்க வந்தவரிடம் எவ்வளவு என்று சொல்லத் தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஆண்டு பதினொன்றில் பத்தை விட்டுவிட்டேன். பேச்சின் முக்கால் பங்கு இதுதான்:

"நம்ம பள்ளியில ஒரு பையன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பாடவேளைக்குத் தினமும் தாமதமா வருவான். நாலு நாள் வாசல்லயே நிக்க வெச்சேன். அஞ்சாம் நாள் அவன் பையைப் பார்த்தேன். கழுவாத தட்டு. பக்கத்துல சாம்பார் ஊறிய சமூக அறிவியல் புத்தகம். 'குழாய்ல இடம் கிடைக்கல சார், மணி அடிச்சிருச்சு'ன்னான். இங்க 216 பிள்ளைங்க சாப்பிடறாங்க. குழாய் ரெண்டு. நீங்க தட்டு கழுவின அதே ரெண்டு. ஒரு தட்டுக்கு அரை நிமிஷம்னா, கடைசிப் பிள்ளை கழுவி முடிக்க 54 நிமிஷம். இடைவேளையே 40 நிமிஷம்தான். 12 குழாய் இருந்தா 9 நிமிஷம் போதும். தொட்டி, குழாய், வடிகால் எல்லாம் சேர்த்து 84,000 ரூபாய். ஒரு குழாய்க்கு 7,000. இன்னைக்கு நான் கேட்கிறது 12 பேரை."

அவனை நிற்க வைத்ததைச் சொல்ல முதலில் கூசினேன். அதை நீக்கி எழுதிப் பார்த்தபோது, பிள்ளையின் பரிதாபம் மட்டும் மிஞ்சியது. பரிதாபம் தூக்கலாக இருந்தால் கேட்பவர் அந்தப் பையனுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தந்துவிட்டு நிம்மதியாகிவிடுவார், குழாய் வராது. தவறு என்னுடையது, காரணம் குழாய் என்று சொன்னபோது தீர்வும் குழாய் என்பது தானாக விளங்கியது. கதையில் நான் தேடுவது இதைத்தான்: அந்தப் பிள்ளையின் சிக்கலும் நாம் கேட்கும் பணம் தீர்க்கும் சிக்கலும் ஒன்றாக இருக்க வேண்டும். தந்தையை இழந்த மாணவியின் கதையைச் சொல்லிவிட்டுக் கணினி கேட்டால் அது ஒட்டாது.

பையனின் பெயரையும் வகுப்பையும் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். "மேடைக்குக் கூட்டிட்டு வாங்க, நல்லா எடுபடும்" என்று ஒருவர் யோசனை சொன்னார், மறுத்துவிட்டேன். அந்த ஊரில்தான் அவன் நாளையும் நடமாட வேண்டும்.

தொகைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. கொத்தனார் முதலில் சொன்னது 61,000. அதை எழுதி வைத்த பிறகு, கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று சத்துணவு சமையலர் கேட்டார். வடிகாலும் உறிஞ்சுகுழியும் கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்ததும் 84,000 ஆனது. அந்தக் கேள்வி வராதிருந்தால், கொடுத்தவர்களிடமே மறுபடி கையேந்தியிருப்போம். அரை நிமிடம் என்பதும் ஊகமில்லை. மூன்று நாள் வரிசையருகே கடிகாரத்தோடு நின்று பார்த்த சராசரி. முன்னாள் மாணவர்களில் ஒரு கட்டடப் பொறியாளரோ வங்கி ஊழியரோ கட்டாயம் இருப்பார். ஓர் எண் ஆட்டம் கண்டால் மற்றதையும் நம்ப மாட்டார்.

பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும், ரசீது உண்டு, ரொக்கம் வாங்க மாட்டோம் என்பதைக் கடைசி இரு வரிகளில் சொன்னேன். பணி குறித்த தீர்மானம் குழுவில் முன்பே நிறைவேறியிருந்ததால் தலைமையாசிரியருக்கும் தயக்கம் இல்லை. மொத்தம் நான்கு நிமிடம்.

"12 பேரை" என்று முடித்ததும் அரங்கு அமைதியானது. அந்த அமைதி பொறுக்காமல், "கணினியும் தேவைப்படுது..." என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பின்வரிசையில் லாரி ஓட்டும் ஒருவர் எழுந்தார். "சார், நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு குழாய் போடலாமா?" தனியாள் ஏழாயிரம் தர முடியாது என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. அவர் கேட்ட பிறகு ஒவ்வொரு ஆண்டுச் செட்டும் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கியது. பந்திக்கு முன்பே ஒன்பது குழாய்களுக்குப் பெயர் கொடுத்தார்கள். மீதி மூன்று அடுத்த வாரம் தொலைபேசியில் வந்தன.

சொன்ன பன்னிரண்டில் பத்துக்குத்தான் பணம் வந்து சேர்ந்தது. இருமுறை நினைவூட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். வடிகாலைக் குறைக்காமல் பத்துக் குழாயோடு தொட்டி கட்டினோம். மற்ற இரண்டு இடங்களிலும் இணைப்பு மட்டும் கொடுத்து மூடி போட்டு வைத்திருக்கிறோம். இந்த ஆண்டுப் பேச்சில் அந்த இரண்டு மூடிகளைத்தான் காட்டப் போகிறேன்.