கரண்ட் இருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை: உங்கள் லப்ரொப் எந்த எண்ணில் நிற்கிறது?



எங்கள் நிலையத்திற்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சுவரில் பிளக்கைச் செருகியாகிவிட்டது, லப்ரொப்பிலும் வயரைக் கொழுவியாகிவிட்டது. ஆனால் திரையின் மூலையில் உள்ள பற்றரிப் படத்தைத் தொட்டால் "plugged in, not charging" என்று எழுதியிருக்கிறது. கரண்ட் வருகிறதாம், சார்ஜ் மட்டும் ஏறவில்லையாம். உடனே எங்கள் ஆட்கள் எடுக்கும் முடிவு, பற்றரி பழுதாகிவிட்டது என்பதுதான். அது பல வேளைகளில் பிழையான முடிவு. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

சிட்னியில் தூங்காபியில் இருக்கும் ஒரு அக்கா சொன்ன கதையை எடுத்துக்கொள்வோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, எச்.எஸ்.சி. சோதனை வருடம். ஒரு அலுவலகம் பாவித்துக் கழித்த லப்ரொப் ஒன்றை, பழைய கணினி விற்கும் கடையொன்றில் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார்கள். அடப்டர் கூட வரவில்லை. வீட்டில் தம்பியின் சின்ன லப்ரொப்புக்கு இருந்த அடப்டரின் முனை அளவாகப் பொருந்தியது, அதையே பாவித்தார்கள்.

"தம்பி, இரவு இணையத்தில ரியூசன் நடக்கேக்க சார்ஜ் குறைஞ்சு கொண்டே போகுது. கடைக்காரரிட்டக் கேட்டன், பற்றரி செத்துப்போச்சாம், புதுசு போட 180 டொலர் வேணுமாம்" என்றார் அக்கா.

நான் கேட்டது ஒரு கேள்விதான். "அக்கா, இரவு முழுக்க நிற்பாட்டிப் போட்டுச் செருகி விட்டால், காலையில எத்தினை வீதம் காட்டுது?"

"எப்பவும் 80தான். அதுக்கு மேல ஒரு நாளும் போகாது."

அந்தப் பதிலிலேயே விடை இருந்தது. இங்கே இருந்தது ஒரு காரணம் அல்ல, இரண்டு. இரண்டிலும் பற்றரிக்குக் குற்றமில்லை.

முதலாவது காரணம் அடப்டர். அடப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். அதில் INPUT, OUTPUT என்று இரண்டு வரிகள் இருக்கும். INPUT என்பது சுவரிலிருந்து எடுப்பது, அதை விட்டுவிடலாம். OUTPUT என்பதுதான் லப்ரொப்புக்குக் கொடுப்பது. அதில் வோல்ற் ஒன்றும் அம்பியர் ஒன்றும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாற். அக்கா வீட்டு அடப்டரில் 20 வோல்ற், 2.25 அம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 45 வாற். லப்ரொப்பின் அடிப்பக்கத்தில் அச்சடித்திருந்தது 20 வோல்ற், 4.5 அம்பியர். அது 90 வாற். அதாவது, கேட்பதில் பாதியைத்தான் அந்த அடப்டர் கொடுத்தது.

லப்ரொப் வேலை செய்யும்போது வருகின்ற கரண்ட் முதலில் அதன் வேலைக்குப் போகும், மிஞ்சுவதுதான் பற்றரிக்கு. பெரிய திரை, கமரா, படத்துடன் வகுப்பு, கூடவே பத்துப் பக்கங்கள் திறந்திருக்கும் என்றால் இப்படியான லப்ரொப் 45 வாற்றையும் தாண்டி இழுக்கக் கூடும். அப்போது குறைகின்ற பங்கைப் பற்றரியே போட்டு நிரப்பும். செருகியிருக்கும்போதே வீதம் இறங்குவது இதனால்தான். வகுப்பு முடிந்து லப்ரொப்பை நிற்பாட்டியதும் 45 வாற்றும் பற்றரிக்கே போகும். ஆகவே இரவில் ஏறும். "வேலை செய்யும்போது இறங்குகிறது, நிற்பாட்டினால் ஏறுகிறது" என்றால், பற்றரியை விட்டுவிட்டு அடப்டரைப் பாருங்கள்.

சில லப்ரொப்புகள் இதைவிடக் கண்டிப்பானவை. டெல் நிறுவனத்தின் வட்ட முனை அடப்டர்களில், நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அதன் வழியாக அடப்டர் தான் எத்தனை வாற் என்று லப்ரொப்புக்குச் சொல்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, உள்ளே அதற்கான மெல்லிய வயர் அறுந்தாலோ, போலி அடப்டர் அதைச் சரியாகச் சொல்லாவிட்டாலோ, லப்ரொப் தொடங்கும்போது கறுப்புத் திரையில் இப்படி ஒரு செய்தி வரும்:

```
The AC power adapter wattage and type cannot be determined.
The battery may not charge.
```

அடப்டரின் அளவு தெரியவில்லை, ஆகவே பற்றரி சார்ஜ் ஆகாமல் போகலாம் என்பது அதன் பொருள். லப்ரொப் ஓடும், ஆனால் மெதுவாக ஓடும். கரண்ட் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் ஒருவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். இப்படியான செய்தியைக் கண்டால், அதே வகையான, நம்பக்கூடிய வேறு அடப்டர் ஒன்றை யாரிடமாவது வாங்கிக் கொழுவிப் பாருங்கள். செய்தி போய்விட்டால் பழுது அடப்டரில். போகாவிட்டால் லப்ரொப்பின் துளைப் பக்கம்.

இப்போது வரும் யு.எஸ்.பி. சி முனையில் குழப்பம் இன்னும் கூட. கைத்தொலைபேசிச் சார்ஜரும் லப்ரொப் சார்ஜரும் ஒரே முனை. ஆனால் 20 வாற் கைத்தொலைபேசிச் சார்ஜர் ஒன்று பொதுவாக 9 வோல்ற்றோடு நின்றுவிடும். பல லப்ரொப்புகள் 20 வோல்ற்றை எதிர்பார்க்கும். வயரும் கணக்கில் சேரும். சாதாரண யு.எஸ்.பி. சி வயர் 3 அம்பியருக்குத்தான். 20 வோல்ற்றில் அது 60 வாற். 90 வாற் அடப்டரை வாங்கி அதில் கைத்தொலைபேசியின் வயரைக் கொழுவினால், 60க்கு மேல் கிடைக்காது. அதற்கு 5 அம்பியர் என்று குறித்த வயர் வேண்டும். அடப்டரோடு ஒட்டியே வரும் வயர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது ஒன்றை நினைவில் வைத்திருங்கள். வாற் கூடினால் பயமில்லை. லப்ரொப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். வட்ட முனை அடப்டரில் வோல்ற் மட்டும் மாறக் கூடாது. 

அக்கா 90 வாற் அடப்டர் ஒன்று வாங்கினார். அன்றிரவு வகுப்பு நடக்கும்போதே வீதம் ஏறியது. ஆனால் 80இல் வந்து நின்றுவிட்டது. மீண்டும் அதே "not charging".

இதுதான் இரண்டாவது காரணம். ஒரே எண்ணில் ஒவ்வொரு நாளும் நிற்கும் பற்றரி பழுதடைந்த பற்றரி அல்ல. பழுது என்றால் இவ்வளவு ஒழுங்காக 80இல் வந்து நிற்காது. யாரோ அங்கே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

லித்தியம் பற்றரிகள் நூறு வீதம் நிரம்பிய நிலையில், சூட்டோடு, மாதக் கணக்கில் கிடந்தால் விரைவாகத் தேய்ந்துவிடும். அலுவலக மேசையில் நாள் முழுக்கச் செருகியே கிடக்கும் லப்ரொப்புக்கு இதுதான் நடக்கும். ஆகவே பல நிறுவனங்கள் சார்ஜுக்கு ஓர் எல்லை வைக்கும் வசதியைக் கொடுத்திருக்கின்றன. அந்த எல்லை பெரும்பாலும் விண்டோஸில் இல்லை. அதற்கும் அடியில், லப்ரொப்பின் சொந்த மென்பொருளில், பயோஸ் என்று சொல்லும் இடத்தில் பதிந்திருக்கும். அதனால்தான் விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டாலும் எல்லை போவதில்லை. பழைய முதலாளியின் கட்டளையை லப்ரொப் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சிலவற்றில் இரண்டு எண்கள் இருக்கும்: 75க்குக் கீழே போனால் தொடங்கு, 80இல் நிறுத்து. அப்போது 77இல் இருக்கும் பற்றரி, செருகினாலும் ஏறாது. 75க்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருக்கும். இது பலரைப் பயப்படுத்துகிறது.

பற்றரி உண்மையில் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கவும் வழியுண்டு. விண்டோஸில் `cmd` என்று தேடித் திறந்து, கீழுள்ளதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

ஒரு கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று சொல்லும். அதைத் திறந்து DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது, பற்றரி புதிதாக இருந்தபோது கொள்ள வேண்டிய அளவு. இரண்டாவது, இப்போது கொள்ளும் அளவு. அக்காவின் மகளின் லப்ரொப்பில் முதலாவது 68,000, இரண்டாவது 59,840. அதாவது 88 வீதம். பாவித்த பற்றரிக்கு அது நல்ல நிலை. 180 டொலர் தேவைப்படவில்லை. இரண்டாவது எண் முதலாவதின் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால், அப்போது புதுப் பற்றரியைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லையை மாற்ற, லப்ரொப்பைத் தொடங்கியவுடன் டெல் என்றால் F2, எச்.பி. என்றால் F10, லெனோவோவின் திங்பாட் என்றால் F1 விசையைத் தட்டிக்கொண்டிருங்கள். டெல்லில் Battery Charge Configuration, எச்.பி.யில் Battery Health Manager என்ற பெயர்களைத் தேடுங்கள். லெனோவோவில் பயோஸுக்குப் போகாமல், விண்டோஸில் Vantage என்ற செயலியிலேயே மாற்றலாம். வேறு எதையும் தொட வேண்டாம். கடவுச்சொல் கேட்டால், அது பழைய அலுவலகம் போட்டது. விற்ற கடையிடம் கொண்டுபோய், நீக்கித் தரும்படி கேளுங்கள். அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதங்கள், கடையில் வாங்கும் பாவித்த பொருட்களுக்கும் உண்டு. ரசீதைக் கவனமாக வைத்திருங்கள். கடை மறுத்தால், சிட்னியில் உள்ளவர்கள் NSW Fair Trading இடமும், மெல்பேர்ணில் உள்ளவர்கள் Consumer Affairs Victoria இடமும் முறையிடலாம். தனிப்பட்ட ஒருவரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை.

எல்லையை எடுக்கத்தான் வேண்டுமா? அந்தப் பிள்ளை வீட்டு மேசையில் செருகி வைத்தே படிக்கிறாள். ஆகவே 80இலேயே விட்டுவிட்டார்கள். நூலகத்துக்கு முழு நாள் போகவேண்டிய கிழமையில் மட்டும் 100க்கு மாற்றினாள், பிறகு திருப்பி வைத்தாள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சோதனைகள் எதையும் செய்ய வேண்டாம். லப்ரொப்பின் அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, எலிப்பட்டை மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ, பற்றரி வீங்கிவிட்டது. செருகியிருந்தால் கழற்றுங்கள், மறுபடி செருகாதீர்கள், குத்தாதீர்கள். திருத்துபவரிடம் காட்டுங்கள். அதை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை வண்டிக்குள் தீப்பிடிக்கக் கூடும். எங்கே ஒப்படைக்கலாம் என்று உங்கள் கவுன்சிலிடம் கேளுங்கள்.

மற்றவர்கள் இன்றிரவு லப்ரொப்பை நிற்பாட்டி, செருகிவிட்டுப் படுங்கள். காலையில் எழுந்து எண்ணைப் பாருங்கள். ஏறியிருந்தால் அடப்டரின் தாளை வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே எண் என்றால் எல்லையைத் தேடுங்கள். இரவு முழுக்கக் கிடந்தும் தாழ்ந்த எண்ணிலிருந்து அசையவே இல்லை என்றால் முதலில் வயர், பிறகு அடப்டர், கடைசியாகத்தான் பற்றரி.