மதிப்பெண்ணை வெள்ளிக்கிழமைவரை சேர்த்து வைக்காதீர்கள்

நாவலூர் அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவரும் ஓ.எம்.ஆர். நெரிசலைத் தாண்டி வீடு சேர எட்டு மணி ஆகிறது. ஏழு வயதுப் பையன் நாலு மணிக்கே ஸ்கூல் வேனிலிருந்து இறங்கிவிடுகிறான். வீட்டில் பாட்டி மட்டும். பிரிட்ஜ் கதவில் ஒரு பாயிண்ட் சார்ட். வேலைகள் மூன்று: டிபன் பாக்ஸை சிங்க்கில் போடுவது, யூனிஃபார்மை அழுக்குக் கூடையில் போடுவது, இரவில் மறுநாள் பையை அடுக்குவது. சனிக்கிழமை காலையில் கணக்குப் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை செய்த வேலைக்குச் சனிக்கிழமை பரிசு என்றால் அந்த வயதில் அது எட்டாத தூரம். இந்த இடைவெளியை அடைப்பது எது? 1936இல் ஜான் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிம்பன்சிகளுக்குச் சின்ன வில்லைகளைக் கொடுத்துப் பார்த்தார். வில்லையை ஓர் இயந்திரத்தில் போட்டால் திராட்சை விழும். கைக்கு வில்லை உடனே வந்துவிட்டால், திராட்சை தாமதமானாலும் அவை வேலை செய்தன. சார்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கரும் அந்த வில்லைதான். ஆகவே வேலை முடிந்த கையோடு பாட்டி அதை ஒட்டிவிட வேண்டும். வெள்ளி இரவு ஞாபகப்படுத்திப் பார்த்து மொத்தமாக ஒட்டினால் பயனில்லை.

நினைவூட்டலைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட ஒரு செயலோடு கட்டுவது நல்லது. வேன் தாமதமானால் நாலரை மணி அலாரம் வெறுமனே அடித்து ஓயும். “ஷூவைக் கழற்றியதும் டிபன் பாக்ஸ்” என்றால் வேன் எப்போது வந்தாலும் பொருந்தும்.

பெரும்பாலும் இலக்கில்தான் கோட்டை விடுகிறார்கள். மூன்று வேலை, ஐந்து நாள், மொத்தம் 15 பாயிண்ட். பதினைந்தும் வந்தால்தான் பரிசு என்றால், திங்கட்கிழமை ஒன்று தவறியதும் அந்த வாரம் முடிந்துபோகிறது. பிறகு அவன் எதற்காகச் செய்வான்? 11 என்று வைத்தால் வியாழன்கூட உயிரோடு இருக்கும். சனிக்கிழமை மொத்தத்தைப் பார்க்குமுன் காலிக் கட்டங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரே வேலையின் வரிசையில் என்றால் அந்த வேலையோ நேரமோ சரியில்லை. புதனுக்குப் பிறகு எல்லா வரிசையும் காலி என்றால் இலக்கு கைக்கெட்டவில்லை. இரண்டிலும் குற்றவாளி பையன் அல்ல. போட்ட பாயிண்டைக் கோபத்தில் பிடுங்குவதும் வேண்டாம்; உழைத்துச் சேர்த்தது நிலைக்காது என்றால் சார்ட்டையே நம்பமாட்டான்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 1973இல் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும், ஆசையாகப் படம் வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். பிற்பாடு பரிசுப் பேச்சே இல்லாதபோது, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே இவர்கள் வரைந்தார்கள். உங்கள் பிள்ளை பால்கனிச் செடிக்குத் தானாகவே தண்ணீர் ஊற்றுகிறான் என்றால், அந்த வேலையை மட்டும் சார்ட்டில் சேர்த்துவிடாதீர்கள்.