ஒன்றைக் கழித்தால் தெரிந்துவிடும்

64 என்ற எண்ணை இரும முறையில் எழுதினால் 1000000. ஒரே ஒரு 1, பின்னால் வெறும் சுழியங்கள். இரண்டின் அடுக்காக வரும் எண்கள் எல்லாவற்றுக்கும் இதே தோற்றம்தான்.

கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்கும்? எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கும். 63 என்பது 0111111. கடன் வாங்கிக் கழிப்பதால், கடைசி 1 அணைந்து, அதற்கு வலப்புறச் சுழியங்கள் அனைத்தும் 1 ஆகின்றன. இரண்டையும் இடத்துக்கு இடம் ஒப்பிட்டு, இரண்டிலும் 1 இருக்கும் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டால் எதுவும் மிஞ்சாது. சி மொழியில் எழுதினால்:

```
n != 0 && (n & (n - 1)) == 0
```

முதல் நிபந்தனையை விட்டால் சுழியமும் தேறிவிடும். வெளி அடைப்புக்குறியை விட்டால் இன்னும் மோசம்: சி மொழி `==` ஒப்பீட்டை முதலில் செய்வதால், 1 தவிர வேறு எந்த எண்ணும் தேறாது. பிழைச்செய்தி வராமலே விடை தவறும் என்பதால் 1, 64 இரண்டையும் கொடுத்துச் சோதிப்பது நல்லது.

இதே கழித்தல் 1களை எண்ணவும் உதவுகிறது. பீட்டர் வெக்னர் 1960-லேயே இதை வெளியிட்டார். 88-ஐ எடுத்துக்கொள்வோம்: 1011000. அதை 87-உடன் ஒப்பிட்டால் 80 மிஞ்சும். 80-ஐ 79-உடன் ஒப்பிட்டால் 64. அதை 63-உடன் ஒப்பிட்டால் சுழியம். மூன்று சுற்று, மூன்று 1கள். இடையில் உள்ள சுழியங்களை அது தொடுவதே இல்லை என்பதுதான் இதன் அழகு. ஆனால் 32 இடங்களிலும் 1 இருந்தால் 32 சுற்றும் சுற்றியே ஆகவேண்டும்.