ஸ்டோரியில் ஒரு வரி வாழ்த்து

இன்ஸ்டாகிராமில் ஒரு புகைப்பட ஸ்டோரி திரையில் நிற்பது சில விநாடிகள்தான். நண்பனின் பிறந்தநாளுக்கு அதன்மேல் நீளமாக எழுதினால், படித்து முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். ஆறேழு சொற்கள் போதும்.

அந்தச் சொற்கள் படத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். மெரினாவில் மிளகாய் பஜ்ஜியோடு நண்பன் நிற்கும் படம் என்றால், ‘கடைசி பஜ்ஜியும் உனக்குத்தான்டா. பிறந்தநாள் வாழ்த்துகள்!’ என்று எழுதலாம். அந்த வரி அவனுக்கு மட்டுமே பொருந்தும்.

எழுத்தை எங்கே வைப்பது? மேலே கணக்கின் பெயரும் கீழே பதில் எழுதும் பெட்டியும் வருவதால், இரண்டு ஓரங்களையும் விட்டுவிட வேண்டும். வெளிர் வானத்தின்மேல் வெள்ளை எழுத்து தெரியாது. பின்னால் கறுப்புப் பட்டை கொடுத்தால் பளிச்சென்று தெரியும்.

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நண்பனின் வாழ்த்து நிலைத்திருக்க வேண்டுமானால், அதை ஹைலைட்டில் சேர்த்துவிடுங்கள்.